ரெக்கார்ட் செய்யலாமா என்று முன்கூட்டியே கேட்பது எப்படி: ஒரு தேயிலை விவசாயிகள் கூட்டத்தை வைத்து முழு வழிகாட்டி

கோத்தகிரிப் பக்கம் ஒரு சிறு தேயிலை விவசாயிகள் குழுவுக்கு நான் செயலாளர். மொத்தம் 31 பேர். மாதாமாதம் இரண்டாவது சனிக்கிழமை பிற்பகலில் கூட்டம். இருபது, இருபத்தைந்து பேர் ஹாலுக்கு வந்துவிடுவார்கள். கோயம்புத்தூரிலும் திருப்பூரிலும் வேலையில் இருப்பவர்கள் ஜூமில் சேர்ந்துகொள்வார்கள். தகரக் கூரை மேல் மழை கொட்டும்போது பக்கத்தில் உட்கார்ந்தவர் பேசுவதே காதில் விழாது. இதில் யார் என்ன சொன்னார், எதைத் தீர்மானித்தோம் என்று எழுதி மாளாது. அதனால் ஒருநாள் போனை மேஜையில் வைத்து ரெக்கார்ட் போட்டேன். யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று தோன்றவேயில்லை.

அன்று மழைக்காலத்தில் ஈரத்துக்காகக் கொழுந்து எடையில் கழிப்பதைப் பற்றிப் பேச்சு வந்தது. ஒரு பெரியவர் மனதில் இருந்ததைக் கொட்டினார். வராதவர்கள் கேட்கட்டும் என்று அந்த ஆடியோவை அப்படியே வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டேன். யாரோ அதை வெளியே அனுப்ப, இரண்டே நாளில் கொழுந்து வாங்க வருபவர் எடைபோடும் இடத்தில் எல்லார் முன்னாலும் கேட்டாராம்: “என்னங்க ஐயா, மீட்டிங்ல நம்மளப் பத்தி ரொம்பப் பேசினீங்களாமே?” அடுத்த கூட்டத்துக்குப் பெரியவர் வந்தார், உட்கார்ந்தார், வாயைத் திறக்கவில்லை. அதற்கடுத்த கூட்டத்திலும் இல்லை. வீட்டுக்கே போய் மன்னிப்புக் கேட்டேன். “பரவால்ல தம்பி” என்றார், டீ கொடுத்தார். பேச்சு மட்டும் திரும்பி வரவில்லை.

அதன்பிறகு நாங்கள் பழக்கிக்கொண்ட முறையைத்தான் கீழே எழுதியிருக்கிறேன். சங்கம், சுய உதவிக் குழு, பெற்றோர் கூட்டம், எதற்கும் கொஞ்சம் மாற்றிப் பயன்படுத்தலாம்.

1. கேட்பதற்கு முன் நீங்கள் முடிவு செய்ய வேண்டியவை

“ரெக்கார்ட் பண்ணலாமா?” என்று மொட்டையாகக் கேட்டால் எல்லாரும் தலையாட்டிவிடுவார்கள். எதற்குத் தலையாட்டினோம் என்று அவர்களுக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது. அதனால் முதலில் நாமே நான்கு கேள்விக்குப் பதில் வைத்திருக்க வேண்டும். எதற்காகப் பதிவு? யார் கேட்பார்கள்? எங்கே இருக்கும்? எப்போது அழியும்?

எங்கள் விஷயத்தில் முதல் கேள்விக்குப் பதில், தீர்மானப் புத்தகம் எழுத. அவ்வளவுதான். அதை ஒழுங்காகச் சொல்லிப் பார்த்தபோதே ஒன்று புரிந்தது: குரல் போதும், முகம் தேவையில்லை. ஜூமில் இருப்பவர்களின் பின்னால் வீடு தெரிகிறது, குழந்தைகள் குறுக்கே ஓடுகின்றன. தீர்மானம் எழுத இதெல்லாம் எதற்கு? ஆனால் கணினியில் ஜூமில் ரெக்கார்ட் செய்தால் படத்தோடு கூடிய எம்பி4 கோப்பும், குரல் மட்டும் உள்ள எம்4ஏ கோப்பும் சேர்ந்தே வந்து விழும். ஆகவே படத்தை அன்று இரவே அழிப்பது, குரலை மட்டும் வைப்பது என்று முடிவு செய்தோம். “குரல் மட்டும்தான் பதிவாகும்” என்று சொல்வது எளிது. ஆனால் அது உண்மை இல்லை. படமும் உருவாகும், பிறகு அழிப்போம் என்று உள்ளதைச் சொல்ல வேண்டும்.

கேட்பவர்கள் நானும் பொருளாளரும். இருக்கும் இடம் என் லேப்டாப், வேறெங்கும் இல்லை. அழிக்கும் நாள் அடுத்த மாதக் கூட்டம்: தீர்மானப் புத்தகத்தைப் படித்து எல்லாரும் ஒப்புக்கொண்டதும் ஒலிப்பதிவுக்கு வேலை முடிந்தது. “தேவைப்படும் வரை வைத்திருப்போம்” என்று எழுதினால் அது என்றைக்கும் அழியாது என்றே பொருள்.

2. அறிவிப்பை எழுதுவது

நாங்கள் அனுப்பும் செய்தி இது. தேதியையும் கூட்டப் பொருளையும் மாற்றி எடுத்துக்கொள்ளலாம்.

> வணக்கம். வரும் சனிக்கிழமை மதியம் 2.30 மணிக் கூட்டத்தை ரெக்கார்ட் செய்ய நினைக்கிறோம். தீர்மானங்களைத் தவறில்லாமல் எழுதுவதற்கு மட்டும். செயலாளரும் பொருளாளரும் மட்டுமே கேட்போம். குழுவில் போட மாட்டோம், யாருக்கும் அனுப்ப மாட்டோம். ஜூமில் படமும் சேர்ந்து பதிவாகும். படத்தை அன்று இரவே அழித்துவிடுவோம். அடுத்த மாதக் கூட்டத்தில் தீர்மானங்களைப் படித்து முடித்ததும் குரலையும் அழிப்போம். கடன் பாக்கி பற்றிய 4ஆவது பொருள் பதிவாகாது.
>
> சம்மதம் என்றாலும், வேண்டாம் என்றாலும், ஒரு பகுதி மட்டும் வேண்டாம் என்றாலும் வியாழக்கிழமைக்குள் எனக்குத் தனியாகச் சொல்லுங்கள். காரணம் சொல்ல வேண்டியதில்லை. வேண்டாம் என்பவர்களும் எப்போதும்போல வந்து பேசலாம், ஓட்டுப் போடலாம். அதற்கேற்ப ரெக்கார்டிங்கை நிறுத்திவைப்போம். சம்மதம் சொன்ன பிறகும் மனதை மாற்றிக்கொள்ளலாம்.

இதில் ஒரு வரி இல்லாததைக் கவனியுங்கள். “கூட்டத்தில் கலந்துகொள்வதே சம்மதமாகக் கருதப்படும்” என்று பலர் எழுதுகிறார்கள். யாரோ எழுதியதைப் பார்த்து அடுத்தவர் எழுதி, அதுவே வழக்கமாகிவிட்டது. எங்கள் கூட்டத்தில்தான் கவாத்து இயந்திரம் யாருக்கு எப்போது என்று முடிவாகிறது, கடன் யாருக்கு என்று முடிவாகிறது. வராமல் இருந்தால் நஷ்டம் அவருக்கு. வந்தால் சம்மதம், வராவிட்டால் நஷ்டம் என்றால் அதற்குப் பெயர் கேட்பது இல்லை.

சட்டமும் இந்தப் பக்கம்தான் நிற்கிறது. 2023இல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒப்புதல் என்பது கட்டாயமில்லாமல், எதற்கு என்று தெரிந்து, நிபந்தனை இல்லாமல், தெளிவாக ஒரு செயலின் மூலம் தரப்பட வேண்டும் என்கிறது. பேசாமல் இருப்பது அப்படி ஒரு செயல் அல்ல. அறிவிப்பை ஆங்கிலத்திலோ அரசியல் சட்டத்தின் எட்டாவது அட்டவணை மொழி ஒன்றிலோ பெற வாய்ப்புத் தர வேண்டும். தமிழ் அதில் இருக்கிறது. கொடுத்த ஒப்புதலைத் திரும்பப் பெறுவது, கொடுத்ததைப் போலவே எளிதாக இருக்க வேண்டும். 18 வயது ஆகாதவர் என்றால் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும். இதற்கான விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. ஒப்புதல் தொடர்பான கடமைகள் அதிலிருந்து 18 மாதம் கழித்து நடைமுறைக்கு வரும்படி வைத்திருக்கிறார்கள். சொந்த, வீட்டு உபயோகத்துக்கு விலக்கு உண்டு. ஒரு குழுவின் கூட்டத்தை அந்த விலக்கில் சேர்க்க நான் துணிய மாட்டேன்.

3. அனுப்புவதும் பதில் வாங்குவதும்

நாங்கள் ஒரு வாரம் முன்பு, முந்தைய சனிக்கிழமையே, கூட்டப் பொருள் பட்டியலோடு சேர்த்து அனுப்புகிறோம். பட்டியல் இல்லாமல் அனுப்பினால் பதில் சொல்ல முடியாது. கொழுந்து விலை பற்றிய பேச்சு பதிவானால் கவலைப்படாதவர், தன் வீட்டுப் பாகப்பிரிவினை பேச்சில் வரும் என்றால் கவலைப்படுவார்.

முதல் தடவை நான் செய்த அடுத்த தவறு, வாட்ஸ்அப்பில் வாக்கெடுப்புப் போட்டது. ‘சரி’, ‘வேண்டாம்’ என்று இரண்டு தெரிவுகள். 22 பேர் ‘சரி’யை அழுத்தினார்கள், ‘வேண்டாம்’ ஒன்றுகூட இல்லை. ஆகா என்று இருந்தேன். அப்புறம்தான் உறைத்தது: அந்த வாக்கெடுப்பில் யார் எதை அழுத்தினார்கள் என்று குழுவில் எல்லாருக்கும் பெயரோடு தெரியும். ஊருக்கு முன்னால் கைதூக்கி “எனக்கு வேண்டாம்” என்று யார் சொல்வார்? கட்டைவிரல் பொம்மை போடச் சொன்னாலும் இதே கதைதான். ஆகவே அறிவிப்பு குழுவில், பதில் எனக்குத் தனியாக. இது ஒன்றை மாற்றியதும் அடுத்த மாதமே மூன்று பேர் ‘வேண்டாம்’ என்றோ ‘பாதி வேண்டாம்’ என்றோ சொன்னார்கள்.

நீல டிக் வந்துவிட்டது, படித்துவிட்டார் என்பதும் பதில் ஆகாது. எங்களில் ஆறு பேரிடம் பட்டன் போன்தான். படுகர் பெரியவர்கள் சிலருக்குத் தமிழ் பேச வரும், ஆனால் நீளமாக வாசிப்பது சிரமம். அவர்களுக்குப் படுக மொழியிலேயே விளக்க எங்கள் துணைத் தலைவி அவர்களுடைய ஊரான ஹட்டிக்கே போகிறார். மற்றவர்களுக்கு அதே செய்தியை என் குரலில் படித்து அனுப்புகிறேன். நேரில் சொல்லும்போது ஒரு எச்சரிக்கை: நாம் பேசுகிற வேகத்தில் “யார் கேட்பார்கள், எப்போது அழியும்” என்ற இரண்டும் விழுந்துவிடும், “ரெக்கார்ட் பண்றோம், சரிதானே அக்கா?” என்பது மட்டும் நிற்கும். அதனால் துணைத் தலைவி கையில் அச்சடித்த தாளை வைத்துக்கொண்டே பேசுவார்.

பதில்களை ஒரு நோட்டில் எழுதுகிறேன்: பெயர், தேதி, எப்படிச் சொன்னார், என்ன சொன்னார். போன மழைக்காலக் கூட்டம் ஒன்றில் புதன்கிழமை வரை 19 பேர் சரி என்றிருந்தார்கள், மூன்று பேர் தயங்கினார்கள், ஒன்பது பேரிடமிருந்து சத்தமே இல்லை. அந்த ஒன்பது பேருக்கும் வியாழக்கிழமை போன் போட்டேன். எட்டுப் பேர் சரி என்றார்கள்; ஒருவர் போன் கிடைக்கவில்லை. கிடைக்காதவரை ‘வேண்டாம்’ பக்கத்தில்தான் எழுதினேன்.

4. ‘வேண்டாம்’ என்றவருக்கு என்ன செய்வது

முறையெல்லாம் இங்கேதான் சோதனைக்கு வரும். தயங்கிய மூன்று பேரையும் தனித்தனியாகச் சொல்கிறேன்.

ஒருவர் திருப்பூரிலிருந்து ஜூமில் வருபவர். குரல் பரவாயில்லை, முகம் வேண்டாம் என்றார். கேமராவை அணைத்துவிட்டு வரச் சொன்னேன், தீர்ந்தது.

இன்னொரு அக்காவுக்கு விலை, இயந்திரம் பற்றிய பேச்செல்லாம் பதிவானால் கவலையில்லை. ஆனால் பட்டா சிக்கல்கள் பற்றிய பொருளில் அவர் வீட்டு விஷயம் வரும், அது வேண்டாம். அந்தப் பொருளையே பதிவிலிருந்து எடுத்துவிட்டோம்.

மூன்றாமவர், நீங்கள் ஊகித்திருப்பீர்கள், அந்தப் பெரியவர். “எனக்கு எதுவும் வேண்டாம் தம்பி” என்றார். அவர் பேசும்போது மட்டும் நிறுத்தலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். யோசித்துப் பார்த்தால் அது சரிப்படாது. அவர் வாயைத் திறக்கும்போதெல்லாம் நான் லேப்டாப்பைத் தொட்டால், மறுத்தவர் யார் என்று ஹாலில் எல்லாருக்கும் தெரிந்துவிடும். தனியாகப் பதில் வாங்கியதற்கே பொருள் இல்லாமல் போகும். அவரும் “என்னால் எல்லாருக்கும் தொந்தரவு” என்று மறுபடியும் வாயை மூடிக்கொள்வார். அதனால் ஆளை வைத்து நிறுத்தாமல் பொருளை வைத்து நிறுத்தினோம். அவர் பேச நினைத்தது எடைக் கழிவு பற்றித்தான். அந்தப் பொருள் முழுவதும் யாருக்குமே பதிவு கிடையாது என்று கூட்டத் தொடக்கத்திலேயே அறிவித்தோம். அந்த இருபது நிமிடத்துக்குக் கையால் குறிப்பு எழுதி, அங்கேயே உரக்கப் படித்துக் காட்டினேன். வேறு பொருளில் பேசத் தோன்றினால் எழுதிக் கொடுப்பதாக அவரே சொன்னார்.

இப்படி நிறுத்திக்கொண்டே போனால் என்ன மிஞ்சும் என்று கேட்கலாம். நியாயம்தான். கடன், பட்டா, எடைக் கழிவு மூன்றும் போய், விலையும் இயந்திரமும் கணக்கும் மிஞ்சின. எனக்குக் குழப்பம் வருவது மிஞ்சிய அந்த மூன்றில்தான், அதனால் போதும். பாதிக்கு மேல் நிறுத்த வேண்டிவந்தால் அந்த மாதம் ரெக்கார்டே வேண்டாம், இரண்டு பேர் குறிப்பெழுதிப் பிறகு ஒப்பிட்டுக்கொள்ளலாம் என்று வைத்திருக்கிறோம்.

செய்யக் கூடாதது ஒன்று: மறுத்தவரைச் சம்மதிக்க வைக்க முயல்வது. இரண்டாவது முறை போன் போட்டு “எல்லாரும் சரின்னுட்டாங்க” என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், பத்தில் எட்டுப் பேர் சரி என்று சொல்லிவிடுவார்கள். அந்த ‘சரி’யை நோட்டில் எழுதி என்ன பயன்?

5. கூட்ட நாளில்

ஹால் கதவில் ஒரு தாள் ஒட்டுகிறேன்: எந்தப் பொருள்கள் பதிவாகும், எவை ஆகாது. தாமதமாக வருபவருக்கு அதுதான் அறிவிப்பு. போனில் கிடைக்காத நண்பர் அன்று நேராக வந்துவிட்டார்; டீ குடிக்கும்போது தாளைக் காட்டிக் கேட்டேன், சரி என்றார், நோட்டில் திருத்தினேன்.

பட்டனை அழுத்துவதற்கு முன் ஒருமுறை, அழுத்திய பிறகு ஒருமுறை, இரண்டு தடவை சொல்ல வேண்டும். முன்னால் சொல்வது அங்கிருப்பவர்களுக்கு: “இப்போது ரெக்கார்ட் போடப் போகிறேன். யாருக்காவது மனம் மாறியிருந்தால் சொல்லலாம், டீ முடியும் வரை நேரம் இருக்கிறது.” பிறகு சொல்வது பதிவுக்கு: “இன்று இத்தனாம் தேதி, மணி 2.40. பதிவு தொடங்கியிருக்கிறது. 1, 2, 5ஆம் பொருள்கள் மட்டும். தீர்மானம் எழுதுவதற்கு மட்டும்.” பின்னால் யாராவது கேள்வி எழுப்பினால் கோப்பின் முதல் நிமிடமே பதில் சொல்லும்.

ரெக்கார்ட் தொடங்கியதும் ஜூம் தானே “Recording in progress” என்று குரல் கொடுக்கும். அமைப்பைப் பொறுத்து, தொடர்ந்து இருக்கச் சம்மதமா, வெளியேறுகிறீர்களா என்று திரையில் ஒரு பெட்டியும் வரும். அதுவே போதும் என்று நினைப்பவர்கள் அதிகம். எங்கள் ஆட்களில் பலருக்கு அந்த ஆங்கிலம் புரியாது. பெட்டி வந்தால் அது மறைய வேண்டும் என்பதற்காகவே பட்டனை அழுத்துவார்கள். தவிர அந்தக் குரல் பதிவு நடக்கிறது என்று மட்டும்தான் சொல்கிறது, எதற்கு, யாருக்கு என்று சொல்வதில்லை. அதை முன்கூட்டிய அறிவிப்புக்கு ஒரு நினைவூட்டலாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

இலவச ஜூம் கணக்கு வைத்திருப்பவர்களுக்கு ஒரு சிக்கல் உண்டு. 40 நிமிடத்தில் கூட்டம் தானாக முடிந்து, எல்லாரும் மறுபடி உள்ளே வர வேண்டும். ரெக்கார்டும் அதோடு நின்றுவிடும். திரும்பத் தொடங்கும்போது நாமும் திரும்பச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இரண்டாவது சுற்றில் புதிதாக ஒருவர் சேர்ந்திருக்கலாம். கரண்ட் போய் வந்தாலும் இதேதான், எங்கள் பக்கம் மழைக்காலத்தில் அதற்குப் பஞ்சமில்லை.

6. நிறுத்தும்போதும் தொடரும்போதும்

நிறுத்திவைப்பதையும் வாயால் சொல்ல வேண்டும், திரையையும் காட்ட வேண்டும். எடைக் கழிவுப் பொருள் வந்ததும் லேப்டாப்பை ஹால் பக்கம் திருப்பி, நிறுத்தப்பட்டிருக்கிறது என்ற குறியைக் காட்டினேன். முன்வரிசையில் இருந்த அக்கா எழுந்து வந்து, கண்ணாடியைப் போட்டுப் பார்த்துவிட்டு, “ஆமா, நின்னிருக்கு” என்று எல்லாருக்கும் சொன்னார். அதன்பிறகுதான் பேச்சு சகஜமானது. முன்பு ஒருமுறை சூடுபட்டவர்கள், நான் சொல்வதை மட்டும் நம்ப வேண்டும் என்று எதிர்பார்ப்பது அதிகம்.

தற்காலிகமாக நிறுத்தித் தொடர்ந்தால் ஜூமில் எல்லாம் ஒரே கோப்பாக வரும். முழுதாக நிறுத்திப் புதிதாகத் தொடங்கினால் தனித்தனிக் கோப்புகள். நான் முழுதாக நிறுத்துவதையே விரும்புகிறேன். ஒரு பொருளுக்கு ஒரு கோப்பு என்று இருந்தால், பிறகு ஒன்றை மட்டும் அழிக்கச் சொன்னால் அழிப்பது சுலபம். மறதிதான் எதிரி: பொருள் முடிந்ததும் தொடங்க மறந்தால் குறிப்பு போகும், அது பரவாயில்லை. நிறுத்த மறந்தால் நம்பிக்கை போகும். அதனால் பட்டியல் தாளில் பதிவாகாத பொருள்களைச் சிவப்புப் பேனாவில் வட்டமிட்டு, பொருளாளர் முன்னால் வைத்திருக்கிறேன். அவர் மேஜையைத் தட்டினால் நான் நிறுத்த வேண்டும்.

ஹாலில் வேறு யாரும் தன் போனில் பதிவு செய்யக் கூடாது என்றும் அறிவிக்கிறோம். செய்தால் கண்டுபிடிக்க வழியில்லை என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறோம்.

7. பிறகு

அன்று இரவு எம்பி4 கோப்புகளை அழித்து, குப்பைத் தொட்டியையும் காலி செய்ய வேண்டும். லேப்டாப் கோப்புறை தானாக கூகுள் டிரைவுக்கு ஏறும்படி வைத்திருந்தால் அங்கேயும் பார்க்க வேண்டும். டிரைவின் குப்பையில் போனது நாமாகக் காலி செய்யாவிட்டால் 30 நாள் அங்கேயே கிடக்கும். என் கணினியில் ஜூம் கோப்புறை அப்படி ஏறிக்கொண்டிருந்தது எனக்கே மூன்றாவது மாதம்தான் தெரிந்தது. “லேப்டாப்பில் மட்டும்” என்று சொல்லியிருந்ததால், நடந்ததைக் குழுவில் எழுதி, அழித்துவிட்டதையும் சொன்னேன். இரண்டு பேர் கோபப்பட்டார்கள்.

குரல் கோப்பிலிருந்து தீர்மானங்களை மூன்று நாளைக்குள் எழுதிவிடுகிறேன். அதற்குள் யாராவது “நான் பேசினதை எடுத்துடுங்க” என்றால் அந்தப் பகுதியை வெட்டிவிட வேண்டும். தீர்மானப் புத்தகத்தில் அவர் பெயரில் எதையும் எழுதாமல், என்ன முடிவானது என்பதை மட்டும் எழுதலாம். முடிவு குழுவுடையது, அது போகாது. அந்த மழைக்காலக் கூட்டத்துக்குப் பிறகு இயந்திரம் பற்றிப் பேசிய ஒருவர் திங்கட்கிழமை காலையில் கூப்பிட்டார், மைத்துனரைப் பற்றி ஏதோ வாய்தவறிச் சொல்லிவிட்டாராம். இலவச ஆடியோ செயலி ஒன்றில் திறந்து, ஏறக்குறைய நான்கு நிமிடத்தை வெட்டி, மூலக் கோப்பை அழித்துவிட்டுத் திரும்பக் கூப்பிட்டேன். நோட்டில் அவர் பெயருக்கு நேராகத் தேதியும் “2ஆம் பொருளில் 4 நிமிடம் நீக்கம்” என்பதும் இருக்கிறது.

அடுத்த மாதக் கூட்டத்தில் தீர்மானங்களைப் படித்து முடித்ததும், எல்லாரும் பார்க்க லேப்டாப்பில் அந்தக் கோப்புகளை அழிக்கிறேன். அரை நிமிட வேலை. அன்று எடைக் கழிவுத் தீர்மானத்தைப் படித்தபோது பெரியவர் கையை உயர்த்தி, “நான் சொன்னது கழிவு இல்ல, கழிவுக்கு ரசீது கேட்டேன்” என்று திருத்தினார். திருத்தி எழுதி, மறுபடி படித்துக் காட்டினேன்.